ஸ்லைடைச் சுருக்கினால் வீட்டுத் தாள் ஆகாது: இன்சுலினோடு வீடு போகிறவருக்கு எழுதும்போது விடும் பிழைகள்

சிறுபோக அறுவடை நேரம் ஒரு ஐயாவுக்கு எங்கள் வாட்டில் இன்சுலின் தொடங்கி வீட்டுக்கு அனுப்பினோம். காலை 16 அலகு, இரவு 10 அலகு. கையில் ஒரு தாளும் கொடுத்தோம். அந்தத் தாளை எழுதியது நான்தான். நாலாம் நாள் விடியப்புறம் இரண்டு மணிக்கு, உடம்பெல்லாம் வியர்த்து, பெண்சாதியைக்கூட அடையாளம் தெரியாத நிலையில் 1990 அம்புலன்ஸில் திரும்பி வந்தார். குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்த பிறகு, காலையில் கேட்டேன்.

"ஐயா, ராத்திரி ஊசி எத்தனை மணிக்குப் போட்டனீங்கள்?"

"நீங்கள் இரவு எண்டுதானே எழுதியிருக்கிறியள் பிள்ளை. ஏழு மணிக்குச் சாப்பிட்டு, செய்தி பார்த்து, படுக்கேக்க போட்டனான்."

அவரில் பிழையே இல்லை. தாளில் "இரவு" என்றுதான் இருந்தது.

அது எங்கிருந்து வந்தது என்று தேடினால், கிளினிக்கில் சீனி வருத்தக்காரருக்குக் காட்டும் ஸ்லைடுகளில் இருந்து. முப்பது சொச்சம் ஸ்லைடு. அதில் ஒன்றில் "கலவை இன்சுலின்: காலை, இரவு" என்று இருக்கும். அதைக் காட்டும்போது நாங்கள் வாயால் "சாப்பிட அரை மணித்தியாலத்துக்கு முதல் போடுங்கோ" என்று சொல்லுவோம். ஸ்லைடில் இருப்பது பேச்சில் பாதி. மற்றப் பாதி பேசுகிறவரின் வாயில் இருக்கிறது. நான் எழுத்தை மட்டும் வெட்டித் தாளில் ஒட்டினேன், வாயால் சொன்னது கிளினிக்கிலேயே நின்றுவிட்டது. முதல் பிழை இதுதான், மற்றப் பிழைகளில் பாதி இதிலிருந்து பிறந்தவை. ஆகவே ஸ்லைடைத் திறந்து வைத்துக்கொண்டு தாள் எழுதத் தொடங்காதீர்கள். நன்றாகச் சொல்லிக் கொடுக்கும் ஒரு மிசி பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டு, அவர் வாயில் வருவதை எழுதுங்கள்.

"இரவு" என்ற ஒரு சொல் ஏன் இவ்வளவு வேலை காட்டியது? 30/70 என்னும் கலவை இன்சுலினில் 30 பங்கு வேகமாக வேலை செய்வது, 70 பங்கு மெதுவாக, மணிக்கணக்காக வேலை செய்வது. வேகமான பங்கு அரை மணித்தியாலத்தில் தொடங்கிவிடும், அது பிடிக்கும் நேரம் வயிற்றில் சோறோ புட்டோ இருக்க வேண்டும். ஏழு மணிக்குச் சாப்பிட்டவர் பத்து மணிக்கு ஊசி போட்டால், சாப்பாடு செரித்துப்போன வயிற்றில் இரண்டு பங்கும் சேர்ந்து நடுச்சாமத்தில் சீனியை இறக்கும். அதுவும் நித்திரையில். நடுக்கத்தையும் வியர்வையையும் கண்டுபிடிக்க ஆள் விழித்திருக்க மாட்டார்.

சரி, "காலை 6.30, மாலை 6.30" என்று மணியைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, ஆனால் அது அடுத்த பிழை. இந்த ஐயா காலை ஐந்தரைக்கு வயலுக்குப் போனால், தண்ணி பார்த்து, வரம்பு கட்டி, ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். 6.30 என்று எழுதினால் ஊசியைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு மண்வெட்டி பிடிப்பார். வேலையும் சீனியை இறக்கும், ஊசியும் இறக்கும். அப்போது வரும் நடுக்கத்தை அவர் வெயில் களை என்றுதான் நினைப்பார். எனவே ஊசியை மணிக்கூட்டோடு கட்டாமல் சாப்பாட்டோடு கட்ட வேண்டும். தாளில் இப்போது இப்படி எழுதுகிறோம்:

"காலைச் சாப்பாடு ஆக்கி முடிந்து, கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது ஊசி போடுங்கோ. அரை மணித்தியாலத்தில் சாப்பிடுங்கோ. சாப்பிடாமல் வயலுக்குப் போவதென்றால், போய் வந்து, சாப்பிட அரை மணித்தியாலத்துக்கு முதல் போடுங்கோ."

கடைசி வசனத்தை எல்லோருக்கும் பொதுவாக அச்சடிக்கக் கூடாது. ஆள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று கேட்டு, டொக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் காலை ஊசி பிந்தினால் இரண்டு ஊசிக்கும் இடையில் உள்ள நேரம் குறையும். ஆக, வீடு போகும் தாளுக்கு முதல் தேவை நோயாளியிடம் ஒரு கேள்வி: "வீட்டில எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்கள், வயல் வேலை உள்ள நாளில் எத்தனை மணிக்கு?"

அளவுக்கு வருவோம். டயக்னோசிஸ் கார்டில் "16U" என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. அவசர எழுத்தில் அந்த U வட்டமாகிவிட்டால் 160 என்று வாசிக்கலாம். ஆகவே "அலகு" என்று முழுதாக எழுதுங்கள். அது பலருக்கும் தெரிந்த பிழை, விட்டுவிடுவோம். பலர் கவனிக்காதது சிறிஞ்சின் கோடு. நூறு அலகு கொள்ளும் ஒரு மில்லிலீட்டர் இன்சுலின் சிறிஞ்சில் ஒரு சின்னக் கோடு இரண்டு அலகு. 16 அலகு என்றால் எட்டுக் கோடு. கோட்டை எண்ணிப் போடுகிறவர் பதினாறு கோடு எண்ணினால் 32 அலகு ஏறிவிடும். ஐம்பது அலகு கொள்ளும் சின்னச் சிறிஞ்சிலோ ஒரு கோடு ஒரு அலகுதான். ஆஸ்பத்திரியில் ஒன்று, பாமசியில் வேறு ஒன்று கிடைத்தால், அதே தாள் அதே ஆளுக்குப் பிழையாகிவிடும்.

எங்கள் ஸ்லைடில் சிறிஞ்சின் அழகான படம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது எந்தச் சிறிஞ்ச் என்று இல்லை. தாளில் இப்போது நோயாளி கொண்டுபோகும் சிறிஞ்சையே பக்கத்தில் வைத்துக் கோடுகளைக் கீறி, வரவேண்டிய இடத்தில் பேனையால் ஒரு அம்புக்குறி போடுகிறோம். அதன் கீழே, "10 என்ற எண்ணுக்குப் பிறகு மூன்றாவது கோடு. வேறு மாதிரிச் சிறிஞ்ச் கிடைத்தால், போட முதல் கிளினிக்கில் காட்டுங்கோ" என்று எழுதுகிறோம். பார்வை மங்கியவருக்கு இதுவும் போதாது. யார் வீட்டில் இழுத்துக் கொடுக்கப் போகிறாரோ, அந்த மகளோ பேரனோ வந்திருக்கும்போதுதான் தாள் கொடுக்க வேண்டும்.

இனிச் சொற்கள். ஸ்லைடுகள் பெரும்பாலும் இரண்டு வழியில் வருகின்றன. ஒன்று இந்தியத் தமிழில் இருந்து எடுத்தது, மற்றது நம் பாடப்புத்தகத் தமிழில் மொழிபெயர்த்தது. முதலாவதில் "சர்க்கரையைத் தவிர்க்கவும்" என்று இருக்கும். வன்னியில் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுவது, தேத்தண்ணிக்குப் போடுவது சீனி. ஒரு அம்மா ஆறு மாதமாகச் சர்க்கரை தொடவே இல்லை என்று சத்தியம் பண்ணினார், அது உண்மையும்கூட. ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. இரண்டாவது வகையில் "குருதி வெல்ல மட்டம் தாழ்தல்" என்று வரும். அதை வாசித்த ஒருவர் "இது என்ன மட்டம் பிள்ளை?" என்று கேட்டார். அவசரத்தில் வாசிக்க வேண்டிய வரி இப்படி இருந்தால் ஆபத்து. "சீனி இறங்கினால்" என்று எழுதினால் போதும்.

சீனி இறங்கும் விஷயம் ஸ்லைடில் இருபத்தைந்தாம் இடத்தில், சிக்கல்கள் என்ற தலைப்புக்குக் கீழ் கிடக்கிறது. வகுப்புக்கு அது சரியான ஒழுங்கு: கணையம், பிறகு இன்சுலின், பிறகு சிக்கல். வீட்டுத் தாளில் கணையத்துக்கு இடமே வேண்டாம். சீனி இறங்குவதுதான் முதல் இரவிலேயே வரக்கூடியது, ஆகவே அது மேலே வர வேண்டும். எங்கள் தாளில் அந்தப் பகுதி இது:

"கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, தலைச்சுற்று, கண் இருட்டு, காரணமில்லாத கோபம்: இதில் ஒன்று வந்தாலும் வேலையை நிறுத்தி இருங்கோ. மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கப் தண்ணியில் கரைத்துக் குடியுங்கோ. பதினைந்து நிமிடம் பாருங்கோ. குறையாவிட்டால் இன்னொரு முறை அதே அளவு. குறைந்த பிறகு சோறோ பிஸ்கற்றோ சாப்பிடுங்கோ. ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம், 1990க்கு அடியுங்கோ."

மூன்று தேக்கரண்டி என்பது ஏறக்குறைய 15 கிராம். ஸ்லைடில் "15 கிராம் மாச்சத்து" என்று இருக்கிறது. வீட்டில் கிராம் நிறுக்கத் தராசு இல்லை, கரண்டி இருக்கிறது. மாச்சத்து என்றதும் ஒருவர் கோதுமைமா ரொட்டி சுடச் சொன்ன கதையும் உண்டு. சீனி இறங்கிய நேரம் ரொட்டி வேகும்வரை காத்திருக்க முடியாது. வயலுக்குப் போகிறவர் சட்டைப் பையில் சீனியைச் சின்னப் பொலித்தீன் பையில் முடிந்து கொண்டுபோக வேண்டும் என்பதையும் எழுதுகிறோம். ஸ்லைடில் சொக்லேட் படம் இருக்கிறது. கொழுப்பு உள்ளதால் அது மெதுவாகத்தான் ஏறும், இங்கத்தைய வெயிலில் உருகியும் விடும்.

"குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகையில் வைக்கவும்" என்ற வரியைப் பிரதி பண்ணுவதும் பிழை. பிரிஜ் இல்லாத வீட்டுக்காரர் அதை வாசித்துவிட்டு, இரண்டு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கடைக்காரரின் பிரிஜில் வைத்து, ஊசி போட அலைந்து, பிறகு விட்டுவிடுவார். பாவிக்கும் போத்தலுக்குப் பிரிஜ் கட்டாயமில்லை. வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நாலு கிழமை வைத்துப் பாவிக்கலாம். ஒரு மண் சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் இன்னொரு சின்ன மண் சட்டியை வைத்து, போத்தலை நனையாமல் பையில் சுற்றி உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடிவிட்டால் போதும். மணல் காயாமல் தண்ணி தெளிக்க வேண்டும். காற்றோட்டம் உள்ள இடத்தில் வறண்ட சோளகக் காற்றுக் காலத்தில் இது நன்றாகக் குளிரும், மழைக்கால ஈரக் காற்றில் அவ்வளவாகக் குளிராது. பிரிஜ் உள்ள வீட்டுக்கு ஒரு வரி: ஐஸ் பெட்டிப் பக்கம் வைக்க வேண்டாம், உறைந்தது பழுது.

நிறுத்திய குளிசைகளைச் சொல்லாமல் விடுவதும் அடிக்கடி நடக்கும். ஸ்லைடு எடுக்க வேண்டியதைத்தான் சொல்லும். இந்த ஐயாவுக்கு டொக்டர் கிளிக்லசைட்டை நிறுத்தி, மெட்ஃபோமினைத் தொடரச் சொல்லியிருந்தார். வீட்டில் போன மாதக் கிளிக்லசைட் ஒரு பை நிறைய மிச்சம். அதுவும் சீனியை இறக்குவது. இரண்டாம் முறை வந்தபோதுதான் பையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். இப்போது தாளில் "நிறுத்தியவை" என்று ஒரு பெட்டி உண்டு, அதில் பெயரும், நோயாளி சொல்லும் அடையாளமும் எழுதுகிறோம். ஆனால் கொம்பனி மாறினால் நிறமும் மாறும் என்பதால் அடையாளத்தை மட்டும் நம்ப முடியாது.

தாள் கொடுத்துவிட்டு "விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஓம் என்றுதான் சொல்லுவார்கள், முதல் தடவை அந்த ஐயாவும் சொன்னவர். இரண்டாம் முறை அனுப்பும்போது சிறிஞ்சையும் போத்தலையும் கையில் கொடுத்து, "இண்டைக்குப் பின்னேரம் வீட்டில செய்யிற மாதிரிச் செய்து காட்டுங்கோ ஐயா" என்றேன். போத்தலை உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டினார், கோடு சரி. பிறகு ஊசியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "பாண் எங்க?" என்று கேட்டார்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் காலை அளவை 14 ஆக்கினார். நான் புதுத் தாள் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் அலுமாரிக் கதவில் பழைய தாள் ஒட்டியிருப்பதைப் பேத்தி சொன்ன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இப்போது புதுத் தாளின் தலையில் திகதியும், அதன் கீழே "இதற்கு முந்திய தாளைக் கிழித்துப் போடுங்கோ" என்ற வரியும் இருக்கின்றன.