72 பாகை என்றால் 72 சதவீதம் இல்லை

பக்கத்து வீட்டுப் பையன் போன வாரம் ஒரு பயிற்சித்தாளோடு வந்தான். 60 மாணவர்கள் எப்படிப் பள்ளிக்கு வருகிறார்கள் என்று ஒரு வட்ட விளக்கப்படம். நடந்து வருபவர்கள் 150 பாகை, சைக்கிள் 96, பேருந்து 72, ஆட்டோ 42. பேருந்துக்கு நேரே "72%" என்று எழுதி வைத்திருந்தான். "அப்போ நடந்து வர்றவங்க 150 சதவீதமாடா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தான், அப்புறம் ரப்பரை எடுத்தான்.

நாம் அதே தாளைப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு மாணவருக்கு எத்தனை பாகை என்று பாருங்கள். முழு வட்டம் 360 பாகை, அதில் 60 பேர் இருக்கிறார்கள். 360 ÷ 60 = 6. ஆளுக்கு 6 பாகை. இதைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதை வைத்துத்தான்.

அடுத்து, ஒவ்வொரு கோணத்தையும் 6-ஆல் வகுக்க வேண்டும். நடை 25, சைக்கிள் 16, பேருந்து 12, ஆட்டோ 7. கூட்டினால் 60 வருகிறது, சரி.

சில தாள்களில் கோணம் எழுதியிருக்காது, கோணமானி வைத்து நாமேதான் அளக்க வேண்டும். கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். தவறான வரிசையைப் படித்தால் 150 பாகை 30 ஆகிவிடும். நடந்து வருபவர்களின் பகுதி அரைவட்டத்தை நெருங்கி நிற்கும்போது 30 வர வாய்ப்பே இல்லை என்று கண்ணே சொல்லிவிடும். சின்னப் பிழைகள்தான் கண்ணுக்குத் தப்பும். ஆட்டோவை 44 என்று அளந்துவிட்டால் 44 ÷ 6 = 7.33. ஏழு பிள்ளைகளுக்கு மேல் இன்னொரு பிள்ளையின் மூன்றில் ஒரு பங்கு ஆட்டோவில் வர முடியாது, அதனால் திரும்ப அளக்க வேண்டியதுதான். எல்லாக் கோணங்களையும் கூட்டி 360 வருகிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி சதவீதம். 360 பாகை 100 சதவீதம் என்பதால் 1 சதவீதத்துக்கு 3.6 பாகை. பேருந்துக்கு 72 ÷ 3.6 = 20 சதவீதம். இதே போல நடை 41.67, சைக்கிள் 26.67, ஆட்டோ 11.67. முழு எண்ணாக்கினால் 42, 27, 20, 12. கூட்டிப் பாருங்கள், 101 வரும்! கணக்கில் தவறில்லை, மூன்று எண்களை மேல்நோக்கி முழுமையாக்கியதால் சேர்ந்த ஒன்று அது. இதைச் சரிக்கட்ட எந்த விடையையும் மாற்றி எழுத வேண்டாம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? சதவீதம் கண்டுபிடிக்க 60 என்ற எண் தேவைப்படவே இல்லை. கோணம் பங்கை மட்டும்தான் சொல்லும். எத்தனை பேர் என்று தெரிய மொத்தம் வேண்டும், அல்லது ஏதாவது ஒரு பகுதியின் எண்ணிக்கையாவது வேண்டும். பேருந்தில் 12 பேர் என்று மட்டும் கொடுத்திருந்தாலும் போதும்: 72 ÷ 12 = 6 பாகை ஆளுக்கு, 360 ÷ 6 = 60 பேர் மொத்தம்.

தாளின் பின்பக்கம் பட விளக்கப்படம். நூலகத்தில் எடுத்த புத்தகங்கள்: திங்கள் மூன்றரைப் படம், செவ்வாய் இரண்டேகால், புதன் நான்கு, வியாழன் இரண்டேமுக்கால். கீழே சின்னதாக, ஒரு படம் = 12 புத்தகங்கள்.

பிள்ளைகள் பெரும்பாலும் வழுக்குவது இந்தக் கடைசி வரியில்தான். பழக்க தோஷத்தில் ஒரு படத்தைப் பத்து என்று எடுத்துக்கொள்வார்கள், அல்லது வெட்டிய படத்தையும் முழுசாக எண்ணிவிடுவார்கள். அதனால் முதலில் அரை 6, கால் 3, முக்கால் 9 என்று படத்துக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் திங்கள் 36 + 6 = 42, செவ்வாய் 24 + 3 = 27, புதன் 48, வியாழன் 24 + 9 = 33. மொத்தம் 150.

திங்களின் சதவீதம் 42 ÷ 150 × 100 = 28. இதற்குக் குறுக்குவழியும் உண்டு. மொத்தப் படங்கள் 12.5, அதில் திங்களுக்கு 3.5. 3.5 ÷ 12.5 × 100 போட்டாலும் அதே 28. வட்டத்தில் மொத்தம் தேவைப்படாத மாதிரி, இங்கே 12 தேவைப்படவில்லை. செவ்வாய் 18, புதன் 32, வியாழன் 22. இந்தத் தடவை கூட்டினால் சரியாக 100.

நகல் எடுத்ததில் அந்தக் கீழ்வரி அழிந்துபோய், கேள்வியில் "மொத்தம் 150 புத்தகங்கள்" என்று மட்டும் இருந்தால்? 150 ÷ 12.5 போடுங்கள், அந்த 12 தானாகக் கிடைத்துவிடும்.