'ரெஸோன் தெத்ர்' வேறு, 'நோக்கம்' வேறு

ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுதும்போது 'raison d'être' என்ற பிரெஞ்சுத் தொடரைப் போட்டால் எழுத்துக்குக் கனம் கூடும் என்று நினைப்பவர்கள் நிறைய. உச்சரிப்பில் தடுமாறுவது, ê மேல் இருக்கும் தொப்பியை விட்டுவிடுவது எல்லாம் எளிதில் திருந்தும் பிழைகள், அவற்றை விட்டுவிடுவோம். ரெஸோன் என்றால் காரணம், எத்ர் என்றால் இருத்தல். 'இருப்பதற்கான காரணம்' என்று சொல்லுக்குச் சொல் தெரிந்த பிறகும் செய்யப்படும் தவறுகள்தான் இங்கே.

நோக்கத்தைத் தூக்கி அந்த இடத்தில் வைப்பது

இதுதான் திரும்பத் திரும்ப வருவது, எரிச்சலூட்டுவதும் இதுதான். 'நோக்கம்' என்று எழுதிய வரியை அழித்து அங்கே 'ரெஸோன் தெத்ர்' என்று போட்டுவிடுவார்கள். வாக்கியம் பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் சொல்லும் விஷயம் மாறிப்போயிருக்கும்.

நோக்கம் என்பது முன்னால் இருப்பது. அதை அடையலாம், தவறவிடலாம், மாற்றிக்கொள்ளலாம். ஒரே அமைப்புக்கு ஒரே ஆண்டில் பத்து நோக்கங்கள் இருக்கலாம். ரெஸோன் தெத்ர் அடியில் இருப்பது. இந்த அமைப்பு ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கான பதில் அது. பதில் போய்விட்டால் அமைப்பை மூடிவிட வேண்டும், அல்லது பழைய பெயரில் புதிய அமைப்பாக மாற வேண்டும்.

அமெரிக்காவின் மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்பை எடுத்துக்கொண்டால் இது துல்லியமாகத் தெரியும். 1938இல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் போலியோவை எதிர்க்க ஓர் அறக்கட்டளை தொடங்கினார். நேஷனல் ஃபவுண்டேஷன் ஃபார் இன்ஃபன்டைல் பராலிசிஸ் என்பது அதன் பெயர். மக்கள் ஆளுக்கொரு டைம், அதாவது பத்து சென்ட் நாணயம், வெள்ளை மாளிகைக்கு அனுப்பினார்கள். மார்ச் ஆஃப் டைம்ஸ் என்ற பெயர் அந்த நிதிதிரட்டலில் இருந்து வந்தது. (1946 முதல் அந்த நாணயத்தில் இருப்பது ரூஸ்வெல்ட்டின் முகம்தான்.)

1950 வாக்கில் அந்த அமைப்புக்கு என்னென்ன நோக்கங்கள்? நிதி திரட்டுவது, நோயாளிகளின் சிகிச்சைச் செலவைத் தாங்குவது, தடுப்பூசி ஆராய்ச்சிக்குப் பணம் தருவது. மூன்றும் உண்மையான நோக்கங்கள், மூன்றுக்கும் கணக்கு காட்டலாம். ஆனால் மூன்றையும் தாங்கி நின்றது ஒன்றே ஒன்று, போலியோ. 1952இல் மட்டும் அமெரிக்காவில் ஏறக்குறைய 58,000 பேருக்கு அந்த நோய் வந்தது.

1955 ஏப்ரல் 12 அன்று ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி பாதுகாப்பானது, பலன் தருவது என்று அறிவித்தார்கள். ஒரு நோக்கம் நிறைவேறியது. நோக்கம் நிறைவேறினால் கொண்டாடலாம், அடுத்ததைக் கையில் எடுக்கலாம். இங்கே நடந்தது அதற்கும் மேலே. காலூன்றி நின்ற தரையே நழுவத் தொடங்கியது. ஊர் ஊராகக் கிளைகள், பழகிய தொண்டர்கள், பணம் கொடுத்துப் பழகிய மக்கள் எல்லாம் அப்படியே இருந்தார்கள். எதற்காக இருந்தார்களோ அது குறைந்துகொண்டே போனது. மூடுவதா, வேறு காரணம் தேடுவதா? அமைப்பு இரண்டாவதைத் தேர்ந்தது. 1958இல் பிறவிக் குறைபாடுகள் பக்கம் திரும்பியது.

இப்போது புதிதாக எழுதுபவர் செய்வதைப் பாருங்கள்: "1938 முதல் குழந்தைகளின் நலமே இவ்வமைப்பின் ரெஸோன் தெத்ர்." படிக்க மென்மையாக இருக்கிறது. ஆனால் தவறு. தொடங்கிவைத்த ரூஸ்வெல்ட்டுக்கே 39 வயதில்தான் கால்கள் செயலிழந்தன. அன்றைய காரணம் நோய், குழந்தை அல்ல. பின்னால் வந்த காரணத்தை முன்னால் தள்ளி ஒட்டுவதால், 1955க்கும் 1958க்கும் நடுவே அமைப்பு சந்தித்த நெருக்கடியே வரலாற்றில் இருந்து காணாமல் போகிறது.

சரியான வாக்கியம் இப்படி இருக்கும்: "1955இல் தடுப்பூசி வந்ததும் அமைப்பின் ரெஸோன் தெத்ர் கரையத் தொடங்கியது. 1958இல் அது வேறொன்றைத் தேர்ந்துகொண்டது." அந்தத் தொடரை எடுத்துவிட்டு 'நோக்கம்' என்று போட்டுப் பாருங்கள், வாக்கியம் தொய்ந்துவிடும். தொய்ந்தால் சொல் சரியான இடத்தில் இருந்தது என்று அர்த்தம். போட்ட பிறகும் எதுவும் மாறவில்லையென்றால், முதலிலேயே 'நோக்கம்' என்று எழுதியிருக்கலாம்.

செய்யும் தொழிலை எழுதுவது

பிரெஞ்சு நிறுவனங்களின் ஆவணங்களைக் கையாள்பவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். அங்கே இரண்டும் சட்டத்திலேயே தனித்தனிச் சொற்கள். 'ஒப்ஜே சோசியால்' என்பது நிறுவனம் என்ன தொழில் செய்யும் என்பது. அது சாசனத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். ரெஸோன் தெத்ர் விருப்பத்தின்பேரில் சேர்ப்பது. 2019 மே 22இன் பாக்ட் என்ற பிரெஞ்சுச் சட்டம் குடிமைச் சட்டத்தின் 1835ஆம் பிரிவில் அதற்கு இடம் கொடுத்தது.

அந்தப் பிரிவின் சாரம்: நிறுவனம் தனக்கென வகுத்துக்கொள்ளும் கொள்கைகள், அவற்றை மதித்து நடக்கத் தொழிலில் வளங்களை ஒதுக்கும் எண்ணம். பலர் முதல் பாதியைப் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கனமே பின்பாதியில்தான். பணமோ ஆளோ நேரமோ ஒதுக்கப்படாத வாசகம் அந்தச் சட்டம் சொல்லும் ரெஸோன் தெத்ருக்குள் அடங்காது. ஆகவே மொழிபெயர்ப்பதற்கு முன் வரவுசெலவில் அதற்கு எந்த இடம் என்று தேடிப் பாருங்கள்.

டனோன் நிறுவனத்தில் வேறுபாடு கண்கூடு. தயிர், குடிநீர், குழந்தை உணவு விற்பது தொழில். 'உணவின் வழியே இயன்றவரை அதிகமானோருக்கு ஆரோக்கியம்' என்பது ரெஸோன் தெத்ர். 2020 ஜூன் 26 அன்று பங்குதாரர்கள் 99 சதவீதத்துக்கும் மேலான வாக்குகளால் அதைச் சாசனத்தில் ஏற்றி, நிறுவனத்தை 'சொசியெத்தே ஆ மிசியோன்', அதாவது சமூகப் பணியையும் ஏற்ற நிறுவனம், ஆக்கினார்கள். அந்தத் தகுதிக்கு இன்னும் சில நிபந்தனைகள் உண்டு. சமூக, சுற்றுச்சூழல் இலக்குகளை எழுத வேண்டும், ஊழியர் ஒருவராவது இடம்பெறும் கண்காணிப்புக் குழு வேண்டும், வெளியார் ஒருவர் சுயேச்சையாகச் சரிபார்க்க வேண்டும். ஒன்பது மாதம் கழித்து, 2021 மார்ச்சில், இதை முன்னின்று நடத்திய தலைவரை இயக்குநர் குழு நீக்கியது. அந்த வாசகம் சாசனத்திலேயே இருந்தது. தலைவரின் நோக்கம் என்று அதை மொழிபெயர்த்திருந்தால், அவர் போனதும் வாசகமும் போயிருக்க வேண்டுமே.

லாபத்தை எழுதுவது

வேண்டாம். லாபமோ சிக்கனத்தின் பலனோ பகிர்ந்துகொள்வது எல்லா நிறுவனங்களுக்கும் பொது, அது அதே குடிமைச் சட்டத்தின் 1832ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

யாருக்கும் பொருந்தும் வரி

'சிறந்த எதிர்காலத்தை உருவாக்குவது.' போட்டி நிறுவனத்தின் பெயரை மேலே எழுதிப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் அடித்துவிடுங்கள்.

சுவரில் ஒட்டியதையும் சாசனத்தில் ஏற்றியதையும் ஒன்றாக்குவது

ஆண்டறிக்கையிலோ இணையதளத்திலோ மட்டும் ரெஸோன் தெத்ரை அறிவித்துவிட்டு நிற்கும் நிறுவனங்கள் பிரான்சில் உண்டு. அதை நிர்வாகம் அடுத்த ஆண்டே மாற்றிக்கொள்ளலாம். சாசனத்தில் ஏறிவிட்டால் அப்படி முடியாது. பொதுப் பங்கு நிறுவனம் என்றால் சிறப்புப் பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். முடிவெடுக்கும்போது இயக்குநர் குழுவும் அதைக் கருத்தில் கொள்ள வேண்டியிருக்கும். தமிழில் எழுதும்போது முதலாவதற்கு 'அறிவித்திருக்கிறது' என்றும், இரண்டாவதற்கு 'சாசனத்தில் சேர்த்திருக்கிறது' என்றும் எழுதுங்கள். இரண்டுக்கும் 'கொண்டுள்ளது' என்று பொதுவாகப் போட்டால், எது யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பது படிப்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.