நிஃப்டி ஆப்ஷன் எக்ஸ்பைரி: வாரம், மாதம், காலாண்டு, புதிய ஸ்டிரைக்குகள்

புரோக்கர் ஆப்பில் ஆப்ஷன்களின் விலைப் பட்டியலான ஆப்ஷன் செயினைத் திறந்தவுடன் மேலே எக்ஸ்பைரி, அதாவது ஒப்பந்தம் முடியும் தேதிகளின் நீண்ட பட்டியல் இறங்கும். முதலில் அடுத்தடுத்த வாரங்கள், பிறகு மாதங்கள், அதற்கும் கீழே சில வருடங்களுக்கு அப்பால் உள்ள ஜூன், டிசம்பர் தேதிகள். இந்தத் தேதிகள் எந்த விதிப்படி வருகின்றன, ஒவ்வொன்றின் கீழும் ஸ்டிரைக்குகள், அதாவது ஒப்பந்தத்தில் குறித்த விலைகள், எப்போது சேர்கின்றன என்று தேசியப் பங்குச் சந்தையின் (என்எஸ்இ) நிஃப்டியை வைத்தே பார்ப்போம். 2025 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எளிதாக இருக்கும்.

படி 1: செவ்வாய்க்கிழமைகளைக் குறியுங்கள்

நிஃப்டி ஆப்ஷன்கள் பல வருடங்களாக வியாழக்கிழமையில்தான் முடிந்தன. எக்ஸ்பைரி செவ்வாய் அல்லது வியாழனில் மட்டுமே இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2025 மே மாதம் சொன்னது. என்எஸ்இ செவ்வாயை எடுத்துக்கொண்டது, மும்பைப் பங்குச் சந்தையான பிஎஸ்இ-யின் சென்செக்ஸ் வியாழனுக்குப் போனது. நிஃப்டியின் கடைசி வியாழன் எக்ஸ்பைரி 2025 ஆகஸ்ட் 28, முதல் செவ்வாய் எக்ஸ்பைரி செப்டம்பர் 2. பழைய வீடியோக்களில் 'வியாழன் எக்ஸ்பைரி' என்று கேட்டால் குழம்ப வேண்டாம், அவை இந்த மாற்றத்துக்கு முன் எடுக்கப்பட்டவை.

செப்டம்பர் 2-க்குப் பிறகு வரும் செவ்வாய்கள்: செப்டம்பர் 9, 16, 23, 30, அக்டோபர் 7, 14, 21, 28.

படி 2: மாதத்தின் கடைசிச் செவ்வாயை வட்டமிடுங்கள்

செப்டம்பரில் 30, அக்டோபரில் 28. இவைதான் மாத எக்ஸ்பைரி. ஒரே தேதியில் முடியும் ஒப்பந்தங்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு தொடர். அந்த வாரத்துக்கென்று தனியாக ஒரு வாரத் தொடர் கிடையாது, மாதத் தொடரே அந்த வாரத்துக்கும் சேர்த்துதான். செப்டம்பர் 30-க்கு வாரத் தொடரையும் மாதத் தொடரையும் தனித்தனியாகத் தேடிக் களைத்துப் போகிறவர்கள் உண்டு. இருப்பது ஒன்றே.

படி 3: விடுமுறையைப் பாருங்கள்

குறித்த நாளில் சந்தை விடுமுறை என்றால் எக்ஸ்பைரி அதற்கு முந்தைய வர்த்தக நாளுக்கு வரும். அடுத்த நாளுக்குத் தள்ளிப் போகாது. அக்டோபர் 21 லட்சுமி பூஜை. அன்று ஒரு மணி நேர முகூர்த்த வர்த்தகம் மட்டும்தான், வழக்கமான வர்த்தகம் இல்லை. அதனால் அந்த வாரத் தொடர் அக்டோபர் 20, திங்கட்கிழமையே முடிந்தது. தமிழ்நாட்டில் நமக்குத் தீபாவளி அதே 20-ஆம் தேதி. இங்கே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தபோது சந்தையில் எக்ஸ்பைரி ஓடிக்கொண்டிருந்தது. 'நாளைக்குத்தானே செவ்வாய்' என்று பொசிஷனை வைத்திருந்தால், கணக்கு அன்று மாலையே முடிந்திருக்கும். நம் ஊர்ப் பண்டிகைப் பட்டியல் இதற்கு உதவாது, சந்தையின் விடுமுறைப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

படி 4: பெயரைப் பிரித்துப் படியுங்கள்

பல புரோக்கர் ஆப்களில் ஒப்பந்தத்தின் பெயர் இப்படி இருக்கும்:

```
NIFTY25SEP25000CE
NIFTY2592325000CE
NIFTY25O2025000CE
```

முதலாவது மாதத் தொடர்: வருடம் 25, மாதம் SEP, ஸ்டிரைக் 25000, CE என்றால் கால் ஆப்ஷன், அதாவது வாங்கும் உரிமை. தேதியே இல்லை, ஏனென்றால் மாதத்துக்கு ஒரு மாத எக்ஸ்பைரிதான். இரண்டாவது வாரத் தொடர்: 25, 9, 23, அதாவது 2025 செப்டம்பர் 23. பிறகு ஸ்டிரைக். மூன்றாவதில் O என்பது பூஜ்யம் அல்ல, அக்டோபர். நவம்பருக்கு N, டிசம்பருக்கு D. மாதப் பெயர் மூன்று எழுத்தில் இருந்தால் மாதத் தொடர், இல்லாவிட்டால் வாரத் தொடர். ஆர்டர் போடும் முன் இதை ஒரு முறை படித்துவிட்டால், அடுத்த வாரத்துக்குப் பதில் மாதக் கடைசியை வாங்கிவிடும் தவறு நேராது.

படி 5: ஒரு டிசம்பரைப் பின்தொடருங்கள்

வாரம், மாதம், காலாண்டு என்பவை மூன்று வகைச் சரக்குகள் அல்ல. ஒரே ஒப்பந்தம் வயது ஏற ஏற வேறு பெயரில் நிற்கிறது.

எந்த நேரத்திலும் அடுத்தடுத்த மூன்று மாதத் தொடர்கள் இருக்கும். அதற்கு அப்பால் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்ற காலாண்டு மாதங்கள் மட்டும். இன்னும் தூரத்தில் ஜூனும் டிசம்பரும் மட்டும்.

2025 டிசம்பர் 30-ஐ எடுத்துக்கொள்வோம். அது சில வருடங்களுக்கு முன்பே அரையாண்டுத் தொடராகப் பட்டியலில் ஏறியது. அப்போது தேதியே வேறு, டிசம்பரின் கடைசி வியாழனை ஒட்டி இருந்தது. செவ்வாய்க்கு மாறியபோது அதையும் மாற்றினார்கள். காலம் நெருங்கியபோது அது காலாண்டுத் தொடர். செப்டம்பர் 30-இல் செப்டம்பர் தொடர் முடிந்ததும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற மூன்று மாத வரிசைக்குள் வந்தது. டிசம்பர் கடைசி வாரத்தில் அதுவே அந்த வாரத்தின் எக்ஸ்பைரியும்.

அக்டோபர் 28-இல் நிலைமை வேறு. அன்று அக்டோபர் முடிந்ததும் வரிசையில் மூன்றாவதாக 2026 ஜனவரி வர வேண்டும். ஜனவரி காலாண்டு மாதம் இல்லை, எனவே முன்பே பிறந்திருக்க வழியில்லை. அது மறுநாள், அக்டோபர் 29 அன்று புதிதாகப் பட்டியலில் சேரும். பழையது முடிந்த அடுத்த வர்த்தக நாளில் புதியது, இதுதான் விதி. வாரத் தொடரும் அப்படியே: செவ்வாய் ஒன்று கழிந்தால் புதன்கிழமை வரிசையின் வாலில் இன்னொன்று சேரும்.

வாரத் தொடர் எல்லா இண்டெக்ஸுக்கும் கிடையாது. 2024 நவம்பர் முதல் ஒரு சந்தைக்கு ஒரே ஒரு இண்டெக்ஸ்தான், அதனால் பேங்க் நிஃப்டிக்கு இப்போது வாரத் தொடர் இல்லை. தனிப் பங்குகளுக்கு மூன்று மாதத் தொடர்கள்தான்.

படி 6: புதிய ஸ்டிரைக் எப்போது வரும்

அருகிலுள்ள தொடர்களில் நிஃப்டி ஸ்டிரைக்குகள் 50 புள்ளி இடைவெளியில் இருக்கும். நிஃப்டி 24,980-இல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அருகிலுள்ள 50-இன் மடங்கு 25,000, அதுதான் நடு ஸ்டிரைக். சந்தை அதற்கு மேலும் கீழும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஸ்டிரைக்குகளைத் திறந்து வைக்கும், கால், விற்கும் உரிமையான புட் இரண்டுக்கும்.

மறுநாள் 25,310-இல் முடிந்தால் நடு ஸ்டிரைக் 25,300. ஆறு படி மேலே போயிருக்கிறது. மேல்பக்க எண்ணிக்கையை நிரப்ப, அடுத்த நாள் காலை உச்சியில் ஆறு புதிய ஸ்டிரைக்குகள் சேரும். அடியில் இருக்கும் பழையவை எக்ஸ்பைரி வரை அப்படியே இருக்கும். அதனால்தான் மாதத் தொடரின் பட்டியல் நாளாக ஆக நீண்டுகொண்டே போகிறது.

சந்தை ஒரேயடியாக நகர்ந்தால், மறுநாள் வரை காத்திராமல் வர்த்தக நேரத்திலேயே அந்தத் திசையில் கூடுதல் ஸ்டிரைக்குகளைத் திறக்கவும் என்எஸ்இ-க்கு இடம் உண்டு. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் நிஃப்டி 1,379 புள்ளி இறங்கி முடிந்தது. 50 புள்ளி இடைவெளியில் அது 27 ஸ்டிரைக்குக்கும் அதிகமான தூரம்.

தூரத் தொடர்களில் இடைவெளி அகலம், 1000 புள்ளிக்கு ஒன்றாகக்கூட இருக்கும். 25,000 இருக்கும், 26,000 இருக்கும், நீங்கள் தேடும் 25,350 இருக்காது. ஆப் கெட்டுப் போகவில்லை. அந்தத் தொடர் நெருங்கி வரும்போது நடுவில் உள்ளவை சேரும்.

படி 7: புதிதாகச் சேர்ந்ததைத் தொடும் முன்

புதிய ஸ்டிரைக்கில் ஓபன் இன்ட்ரஸ்ட், அதாவது இன்னும் முடிக்கப்படாத ஒப்பந்தங்களின் எண்ணிக்கை, இருக்கும் இடத்தில் கோடு அல்லது பூஜ்யம் இருக்கும். வாங்குபவர் விலை 40, விற்பவர் விலை 65 என்று பெரிய பள்ளம் தெரியும். மார்க்கெட் ஆர்டர் போட்டால் 65-இல் வாங்குவீர்கள், உடனே விற்க நினைத்தால் 40-தான் கிடைக்கும். விலையை நீங்களே குறிக்கும் லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள். முடிந்தால் பக்கத்திலேயே 100 அல்லது 500-இன் மடங்காக உள்ள ஸ்டிரைக்கைப் பாருங்கள், வர்த்தகம் பெரும்பாலும் அங்கேதான் சேர்கிறது.