பின்னட்டைக் குறிப்பு: ‘ஒப்பற்ற படைப்பு’ என்று எழுதாமல் இருந்தால் மட்டும் போதாது

முதல் புத்தகம் போடுகிறவர்கள் பின்னட்டையைக் கடைசி நாளில்தான் எழுதுகிறார்கள். அச்சகத்திலிருந்து போன் வரும், அட்டைக் கோப்பு அனுப்ப வேண்டும், கையில் குறிப்பு இருக்காது. அரை மணி நேரத்தில் ‘நெஞ்சை உலுக்கும்’, ‘மண்ணின் மணம்’, ‘மைல்கல்’ மூன்றும் வந்து உட்கார்ந்துவிடும். இது தப்பு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்துப்பிழை, ஆசிரியர் படத்தைப் பெரிதாகப் போடுவது, விலைக்கு இடம் விடாதது இவையெல்லாமும் தானே தெரிந்துவிடும். தெரியாமலே போகிற தப்பு இதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

புகழ்ச்சியை எடுத்துவிட்டுக் கருத்தை வைப்பது

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு. 2011இல் கடலூர்ப் பக்கத்தைத் தாக்கிய தானே புயலுக்குப் பிறகு, விழுந்த மரங்களுக்கு எண் போடும் ஒரு பெண்ணின் கதையை ஒருவர் நாவலாக எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதும் பின்னட்டை இப்படி இருக்கும்:

“தானே புயலின் கோரத் தாண்டவத்தைக் கண்முன் நிறுத்தும் ஒப்பற்ற படைப்பு. கடலூர் மண்ணின் மணமும் மக்களின் கண்ணீரும் பக்கத்துக்குப் பக்கம் நெஞ்சை உலுக்குகின்றன. தமிழ் நாவல் வரலாற்றில் ஒரு மைல்கல்.”

யாராவது ‘புகழ்ச்சி அதிகம்’ என்று சொல்லுவார்கள். திருத்தியது வரும்:

“புயலுக்குப் பிந்தைய ஒரு பெண்ணின் வாழ்வாதாரப் போராட்டத்தையும், நிலத்துக்கும் மனிதருக்குமான உறவையும், அதிகாரத்தின் அலட்சியத்தையும் இந்நாவல் பேசுகிறது.”

எரிச்சல் வருவது இங்கேதான். முதல் வடிவத்தைப் பார்த்தால் மோசம் என்று எழுதியவருக்கே தெரியும். இரண்டாவது அடக்கமாக, படித்தவர் எழுதியது போல இருப்பதால் எல்லோரும் தலையாட்டி அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் இதிலும் கண்ணில் படுகிற பொருள் ஒன்றுகூட இல்லை. நாகப்பட்டினத்துச் சுனாமி நாவலுக்கும் இதைப் போடலாம். ‘புயல்’ என்ற ஒரு சொல்லை மாற்றினால் போதும். நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் கடைக்குக் கடை ஏறி இறங்கும் வாசகர் புத்தகத்தைத் திருப்பி, விலையைப் பார்த்து, நாலு வரி படிப்பார். ‘வாழ்வாதாரப் போராட்டம்’ அவர் அடுத்த கடைக்குப் போவதற்குள் மறந்துவிடும். வீட்டுக்குப் போய் “அந்த மரத்துக்கு எண் போடுற பொம்பள கதை” என்று அவரால் சொல்ல முடிந்தால்தான் மறுநாள் திரும்பி வந்து தேடுவார்.

செலவும் இதில்தான். முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் ஒரே தாளில் அச்சாகி, லேமினேஷன் ஆகி, பைண்டிங்குக்குப் போய்விடுகின்றன. அதன்பிறகு ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் அட்டையை முழுவதுமாகத் திரும்ப அடிக்க வேண்டும். புத்தகம் கட்டி முடித்திருந்தால் அதுவும் எளிதில்லை. அந்த வரிதான் இணையக் கடையிலும் விற்பனைப் பட்டியலிலும் மதிப்புரையின் முதல் பத்தியிலும் அப்படியே ஏறும். ஒரு சப்பையான வாக்கியம் புத்தகத்தோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டு வரும்.

சரி, எப்படி மாற்றுவது? கருத்தைச் செதுக்கிச் செதுக்கி ஒரு காட்சியை வரவழைக்க முடியாது. பிரதிக்குத் திரும்பிப் போக வேண்டும். முதல் கால்பாகத்தை மட்டும் பென்சிலோடு படியுங்கள். ஒருவர் ஒரு பொருளை வைத்து ஏதோ செய்கிறார், அது கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது என்று தோன்றும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாவலில் மூன்று கிடைக்கின்றன என்று வைப்போம். பூங்காவனம் நகையை அடகு வைக்கிறாள். மகன் சென்னைக்கு வேலைக்குப் போகிறான். கணக்கெடுக்க ஆள் வருவதற்குள், விழுந்த மரங்களுக்கெல்லாம் அவள் சுண்ணாம்பால் எண் போடுகிறாள், ஒன்றைத் தவிர. அடகும் சென்னையும் நூறு நாவலில் உண்டு. எண் போடாத மரம் இதில் மட்டும்தான்.

“2011 டிசம்பர் 30. விடிந்தபோது பூங்காவனத்தின் தோப்பில் ஒரு முந்திரி மரமும் நிற்கவில்லை. கணக்கெடுக்க ஆள் வருவதற்குள், விழுந்த மரங்களுக்கெல்லாம் அவள் சுண்ணாம்பால் எண் போட்டாள். கிணற்றோரம் கிடந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். அதை அறுக்க வந்தவர்களையும் திருப்பி அனுப்பினாள்.”

புயல் பெரியது, அவள் வாழ்க்கை நொறுங்கியது, அதிகாரிகளை நம்ப முடியாது என்று எதையும் சொல்லவில்லை. எல்லாம் அந்தச் சுண்ணாம்பு எண்ணுக்குள் வந்துவிட்டது. தேதி சும்மா அலங்காரத்துக்கு இல்லை. அன்று காலைதான் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. கடலூர்ப் பக்கத்து வாசகருக்குப் புயலின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். வெளியூர் வாசகருக்காக உள்ளே ஓரிடத்தில் பெயர் வந்தால் போதும்.

மூன்று கொக்கி போடுவது

வாசகரை இழுக்கும் கொக்கி ஒன்று கிடைத்ததும் இன்னும் போட ஆசை வரும். அடகு நகையையும் சென்னை மகனையும் சேர்த்தால் கதைச்சுருக்கம் ஆகிவிடும், மரம் அதற்குள் காணாமல் போகும். டெமி அளவுப் புத்தகத்தின் பின்னட்டையில் இடம் நிறைய இருப்பது போலத் தெரியும். கீழே பார்கோடும் விலையும், நான்கு பக்கமும் குறைந்தது அரை அங்குல ஓரமும் விட்டால் படிக்கிற எழுத்தில் கொஞ்சம் சொல்தான் வசதியாக உட்காரும். அதற்கு மேல் திணித்தால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டி வரும். கருப்பு அட்டையில் வெள்ளைச் சிற்றெழுத்து என்றால் சுழிகளும் புள்ளிகளும் அடைத்துக்கொள்ளும்.

கடைசிக் கால்பாகத்திலிருந்து எடுப்பது

240 பக்க நாவலில் 190ஆம் பக்கத்துச் சம்பவத்தைப் பின்னட்டையில் போட்டால், வாசகர் அதுவரை நடப்பதையெல்லாம் முன்னுரையாக நினைத்துத் தாண்டிப் படிப்பார். மரம் ஏன் விடப்பட்டது என்பதையும் சொல்லிவிடக் கூடாது.

கேள்விக்குறியில் முடிப்பது

‘அந்த மரத்தின் ரகசியம் என்ன?’ வேண்டாம். வாசகர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

விருதுப் பட்டியல்

உள்மடிப்புக்கு.

‘என்னுடையது கட்டுரை நூல், அதில் கதை இல்லையே’

கதை வேண்டாம், உறுதியான ஒரு தகவல் போதும். புதுச்சேரியின் குடியுரிமை வரலாற்றை எழுதியவர் ‘இதுவரை யாரும் தொடாத அரிய ஆவணம்’ என்று போடுவார். அவர் நூலுக்குள்ளேயே இருப்பது இது: பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது, அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். பின்னட்டைக்கு இப்படி வரும்: “ஆறு மாதத்துக்குள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த அண்ணன் பிரெஞ்சுக்காரராகவே இருந்தார். எழுதிக் கொடுக்காத தம்பி, அதே வீட்டில், இந்தியரானார்.” ஆனால் நூலில் உண்மையிலேயே அப்படி ஓர் அண்ணன் தம்பி இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘எழுதிக் கொடுத்தவர்’, ‘கொடுக்காதவர்’ என்று பொதுவாகவே நிறுத்துங்கள். கட்டுரை நூலில் பின்னட்டைக்காக ஆளை உருவாக்கினால் முதல் மதிப்புரையிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

சரிபார்க்காமல் அனுப்புவது

எழுதியதை, நூலைப் படிக்காத ஒருவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். மறுநாள் போன் போட்டு என்ன ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். “ஏதோ புயல் கதை” என்றால் திரும்ப எழுத வேண்டும். “ஒரு மரத்துக்கு எண் போடலையே, அதுதானே” என்றால் அச்சுக்கு அனுப்பலாம். அதற்கு முன் கடைசித் திருத்தப் பிரதியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஆசிரியர்கள் கடைசி வாரத்தில் கை வைப்பார்கள். கிணற்றோர மரம் வேலியோரத்துக்குப் போயிருக்கும், பூங்காவனம் பேரே மாறியிருக்கும்.