யூரோ, டாலர், ரூபாய்: முக்கோணக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்க வேண்டும், டாலரைக் கொடுத்து யூரோ வாங்க வேண்டும், யூரோவை விற்று மறுபடி ரூபாய்க்கு வர வேண்டும். ஒரு சுற்று முடியும்போது போட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கையில் நின்றால் அதுதான் முக்கோண ஆர்பிட்ரேஜ். டாலர் ஏறுமா இறங்குமா என்று யோசிக்கவே வேண்டாம். மூன்று விலைகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தால் போதும். கேட்க இவ்வளவு சுத்தமாக இருப்பதால்தான் இதில் ஆசை வைக்கிறவர்கள் அதிகம். மதுரையில் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு அந்நியச் செலாவணி வேலைகளைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். எக்செல் ஷீட்டோடு வந்து நிற்கிற தம்பிகள் எனக்குப் புதிதில்லை.

திருநகரிலிருந்து வந்த ஒரு பொறியியல் மாணவனின் ஷீட்டையே எடுத்துக்கொள்வோம். விலைகளை மட்டும் கணக்குப் புரிவதற்காக மாற்றியிருக்கிறேன். ஒரு டாலர் 83.21 ரூபாய். ஒரு யூரோ 1.0849 டாலர். இரண்டையும் பெருக்கினால் ஒரு யூரோ சுமார் 90.27 ரூபாய் வர வேண்டும். ஆனால் திரையில் யூரோ-ரூபாய் 90.35 என்று நிற்கிறது. எட்டு பைசா வித்தியாசம். பத்து லட்சம் ரூபாய் போட்டால் 12,017.79 டாலர் வரும். அதில் 11,077.32 யூரோ வாங்கலாம். அதை 90.35-க்கு விற்றால் 10,00,836 ரூபாய். “அண்ணே, ஒரு சுத்துக்கு 836 ரூவா. ஒரு நாளைக்குப் பத்துச் சுத்து விட்டா?” என்றான்.

பெருக்கல் வகுத்தல் எல்லாம் சரிதான். தப்பு, அவன் எடுத்த விலைகளில் இருந்தது. மூன்று இடத்திலும் கடைசியாக வியாபாரம் நடந்த விலையைப் போட்டிருந்தான். அது யாரோ எப்போதோ வாங்கி முடித்த விலை. இப்போது நமக்குக் கிடைக்கப்போவது வேறு. சந்தையில் எந்த நேரமும் இரண்டு விலைகள் இருக்கும். பிட் என்பது நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் விலை, ஆஸ்க் என்பது நமக்கு விற்கத் தயாராக இருக்கும் விலை. நாம் வாங்கும்போது உயர்ந்ததும் விற்கும்போது தாழ்ந்ததும்தான் நம் பக்கம் வரும். முக்கோணத்தில் மூன்று தடவை இந்த நஷ்டத்தைத் தாண்ட வேண்டும்.

அதே நேரத்தின் பிட், ஆஸ்க் விலைகளைப் போட்டுப் பார்த்தோம். டாலர்-ரூபாய் 83.20 / 83.22. யூரோ-டாலர் 1.0848 / 1.0850. யூரோ-ரூபாய் 90.24 / 90.32. இப்போது பத்து லட்சத்துக்கு 83.22 விலையில் 12,016.34 டாலர். 1.0850 விலையில் 11,074.97 யூரோ. அதை 90.24-க்கு விற்றால் கையில் 9,99,405 ரூபாய். 836 ரூபாய் லாபம் என்று இருந்த இடத்தில் 595 ரூபாய் நஷ்டம். சந்தை அசையவே இல்லை. விலையை எடுக்கிற இடம்தான் மாறியது. அந்த 90.35 பல நிமிடங்களுக்கு முன்னால் நடந்த ஒரு வியாபாரம். யூரோ-ரூபாய் மெதுவாக ஓடுகிற ஜோடி என்பதால் அது திரையிலேயே தங்கிவிட்டது.

இதைச் சுருக்கமாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. இரண்டு ஆஸ்க்கையும் பெருக்குங்கள்: 83.22 × 1.0850 = 90.2937. யூரோ-ரூபாயின் பிட் இதற்கு மேலே போனால்தான் இந்தத் திசையில் லாபம். எதிர்த்திசைக்கு இரண்டு பிட்டையும் பெருக்குங்கள்: 83.20 × 1.0848 = 90.2554. யூரோ-ரூபாயின் ஆஸ்க் இதற்குக் கீழே வந்தால்தான் அந்தப் பக்கம் லாபம். இரண்டும் நடக்கவில்லையென்றால் ஒன்றுமில்லை, ஷீட்டை மூடிவிடலாம். பெரும்பாலான நேரம் ஒன்றுமில்லாமல்தான் இருக்கும்.

இதற்கு அடுத்த தவறு செலவை மறப்பது. பிரபலமான இணையதளங்களில் தெரிகிற விலையை வைத்துக்கொண்டு, வங்கியிலோ பணமாற்றுக் கடையிலோ சுற்றி வரலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இணையத்தில் தெரிவது பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் நடுவில் உள்ள விலை. அந்த விலையில் வங்கியோ கடையோ நமக்குக் கொடுப்பதில்லை. போதாததற்கு ஜி.எஸ்.டி. வேறு. ரூபாயை வெளிநாட்டுப் பணமாக மாற்றும்போது, பத்து லட்சத்துக்கு 5,500 ரூபாயைச் சேவை மதிப்பாக எடுத்து அதில் 18 சதவீதம், அதாவது 990 ரூபாய் வரி போடுகிறார்கள். ஒரே ஒரு மாற்றத்துக்கே, ஷீட்டில் தெரிந்த மொத்த லாபத்தைவிட அதிகம்.

சரி, வங்கிகளுக்கு இந்தச் செலவெல்லாம் இல்லையே, அவர்களுக்காவது இது உண்மையான லாபமாக இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும், ஆனால் கணநேரம்தான். 2005-ஆம் ஆண்டு விலைகளை வைத்துச் செய்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணில் பட்ட முக்கோண வாய்ப்புகளில் பெரும்பாலானவை ஒரு விநாடிக்கு மேல் நிற்கவில்லை. அளவும் பெரும்பாலும் ஒரு பேசிஸ் பாயிண்டைத் தாண்டவில்லை. பேசிஸ் பாயிண்ட் என்றால் பத்தாயிரத்தில் ஒன்று, பத்து லட்சத்துக்கு நூறு ரூபாய். அப்போதே அப்படி. கணினிகள் அதற்குப் பிறகு எவ்வளவோ வேகமாகிவிட்டன.

ஏன் இவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்பதில்தான் பலருக்கும் புரிதல் பிசகுகிறது. யாரோ வேகமாக வந்து வாங்கி விற்று இடைவெளியை அடைத்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். அதுவும் நடக்கும்தான். ஆனால் பெரும்பாலும் வியாபாரமே நடக்காமல் இடைவெளி மூடிக்கொள்கிறது. காரணம், யூரோ-ரூபாய் என்பது தன் காலில் நிற்கிற விலை இல்லை. அந்த ஜோடியில் நேரடியாக வாங்குபவர், விற்பவர் கூட்டம் குறைவு. டாலர்-ரூபாய் மும்பையில் நிறைய கைமாறுகிறது; யூரோ-டாலர் உலகத்திலேயே அதிகம் கைமாறுகிற ஜோடி. இந்த இரண்டையும் பெருக்கி, தன் லாபத்துக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் வங்கியின் கணினி யூரோ-ரூபாய்க்கு விலை சொல்கிறது. மாணவன் எக்செல்லில் போட்ட அதே பெருக்கல், விலை சொல்கிறவனின் கணினிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

எனவே லண்டனில் யூரோ-டாலர் ஒரு புள்ளி நகர்ந்த உடனே மும்பையின் பழைய யூரோ-ரூபாய் விலை ரத்தாகிப் புது விலை ஏறுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சில மில்லி விநாடிகளைத்தான் நாம் இடைவெளி என்று பார்க்கிறோம். நிலக்கோட்டையில் மல்லிகை விலை ஏறியது என்று போன் வந்தால், மாட்டுத்தாவணி வியாபாரி வண்டியில் பூ வந்து சேரும்வரை காத்திருப்பதில்லை. அங்கேயே விலையைத் திருத்திவிடுகிறார். அது போலத்தான் இதுவும்.

வேகமான இணைய இணைப்பு வாங்கிவிட்டால் எட்டிப்பிடிக்கலாம் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் ஓடும். மதுரைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் 1,100 கிலோமீட்டருக்கு மேல். கேபிள் வளையாமல் போனால்கூட விலை இங்கே வர கிட்டத்தட்ட 6 மில்லி விநாடி, நம் ஆர்டர் திரும்பிப் போக இன்னொரு 6. லண்டனிலிருந்து மதுரைக்கு 8,000 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் ஒரு வழிக்கே 40-க்கு மேல். போட்டியில் இருக்கிற நிறுவனங்கள் பரிமாற்றச் சர்வர் இருக்கும் கட்டடத்துக்குள்ளேயே தங்கள் சர்வரை வாடகைக்கு வைத்திருக்கின்றன. அவர்களுக்குத் தூரம் சில மீட்டர்தான். நம் போனில் விலை தெரியும்போது அங்கே கதை முடிந்து போயிருக்கும்.

இதைவிட மோசமானது, அரைகுறையாக ஜெயிப்பது. மூன்று ஆர்டரும் ஒரே நொடியில் நிறைவேறும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. டாலர் கிடைத்தது, யூரோவும் கிடைத்தது, மூன்றாவதாக யூரோவை விற்கப் போகும்போது அந்த விலை போய்விட்டது என்று வையுங்கள். இப்போது கையில் இருப்பது ஆர்பிட்ரேஜ் இல்லை. 11,000 யூரோவும் அதன் விலை இறங்கும் அபாயமும். வங்கிகளுக்கிடையே ஓடும் சில தளங்களில் லாஸ்ட் லுக் என்று ஒரு வழக்கம் உண்டு. நம் ஆர்டர் வந்த பிறகும், விலை சொன்னவர் ஒருமுறை பார்த்து, வேண்டாம் என்று மறுத்துவிடலாம். அவருக்கு நஷ்டமான விலைதான் மறுக்கப்படும் என்பதால், ஒப்புக்கொள்ளப்பட்ட ஆர்டர்களில் நமக்கு நல்லது குறைவாகத்தான் இருக்கும்.

இடைவெளி மறையாமல் நின்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். மணிக்கணக்கில் நிற்கிற இடைவெளிக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டில் ஒரு காரணம் இருக்கும். முதலாவது, ஒரு விலை ஸ்பாட், அதாவது உடனடியாக மாற்றுவதற்கான விலை; இன்னொன்று ஃபியூச்சர், அதாவது பின்னால் வரும் ஒரு தேதிக்கு இப்போதே பேசி வைக்கிற விலை. டாலரைவிட ரூபாய்க்கு வட்டி அதிகமாக இருக்கும் காலத்தில், மாதக் கடைசியில் முடிகிற டாலர்-ரூபாய் ஃபியூச்சர் ஸ்பாட்டைவிடச் சில பைசா கூடவே இருக்கும். அதை ஸ்பாட் யூரோ-டாலரோடு பெருக்கினால் வரும் வித்தியாசம் வட்டிதான், லாபம் இல்லை. இரண்டாவது, மும்பைச் சந்தை மூடியிருக்கும். மாலையில் இங்கே டாலர்-ரூபாய் நின்றுவிடும், லண்டனிலும் நியூயார்க்கிலும் யூரோ-டாலர் ஓடிக்கொண்டே இருக்கும். இரவு எட்டு மணிக்கு ஷீட்டைத் திறந்தால் லாபம் கொட்டுவதுபோலத் தெரியும். ஒவ்வொரு விலைக்குப் பக்கத்திலும் அது எடுக்கப்பட்ட நேரத்தைப் பதிவு செய்தால் இது உடனே பிடிபடும்.

“அப்ப வெளிநாட்டு ஆப்ல போட்டா?” என்று அடுத்து கேட்பார்கள். வேண்டாம். ரிசர்வ் வங்கி 2022 முதல் அனுமதியில்லாத அந்நியச் செலாவணித் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டு வருகிறது. அவற்றில் வியாபாரம் செய்தால் ஃபெமா சட்டப்படி நடவடிக்கை வரலாம். இந்தியப் பங்குச் சந்தைகளில் நடக்கும் ஃபியூச்சர் போன்ற கரன்சி டெரிவேட்டிவிலும், ரூபாய் சேர்ந்த ஒப்பந்தங்களுக்கு உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருக்க வேண்டும் என்பது 2024 மே முதல் கண்டிப்பாகிவிட்டது.

இந்தப் பெருக்கலுக்கு மதுரையில் உண்மையாகப் பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது. மேலூர்ப் பக்கம் கிரானைட் அனுப்புகிறவருக்கு 20,000 யூரோ வருகிறது, வங்கி யூரோவுக்கு 89.60 சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிமிடத்தின் டாலர்-ரூபாய் பிட்டையும் யூரோ-டாலர் பிட்டையும் பெருக்கினால் 90.25 வருகிறது. 65 பைசா வங்கியின் மார்ஜின், மொத்தத்தில் 13,000 ரூபாய். டாலர் விலையை மட்டும் பேரம் பேசிவிட்டு யூரோவை வங்கி சொன்னபடி ஏற்றுக்கொள்கிறவர்கள் இங்கே நிறைய. டீலரிடம் போனில் பேசும்போது, எந்த டாலர்-ரூபாய், எந்த யூரோ-டாலர், எத்தனை மணிக்கு என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு மார்ஜினைப் பேசுங்கள்.