ஊருக்குப் போகும் நேரத்தில் குடியுரிமைச் செறிமனி: திகதியை மாற்றக் கவுன்சிலுக்கு எழுதுவது எப்படி

பிரித்தானியக் குடியுரிமை விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் ஹோம் ஒஃபிஸிடமிருந்து அழைப்பு வரும். அது கிடைத்து மூன்று மாதத்துக்குள், 18 வயதோ அதற்கு மேலோ ஆன எவரும் செறிமனியில் கலந்து சத்தியப்பிரமாணம் எடுக்க வேண்டும். அழைப்பை அனுப்புவது ஹோம் ஒஃபிஸ். நாள் குறித்து நடத்துவது உங்கள் கவுன்சிலின் பதிவு அலுவலகம். அதனால் திகதியை மாற்றக் கேட்கும் கடிதம் கவுன்சிலுக்கே போகவேண்டும். ஹோம் ஒஃபிஸுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் பல நாட்களை வீணாக இழக்கிறார்கள்.

பயணத்தோடு மோதுகிறதா என்று பார்க்கும்போது பலர் ஒன்றை மட்டுமே கவனிக்கிறார்கள்: செறிமனி நாளில் நான் ஊரில் நிற்பேனா? அதைவிடச் சிக்கலானது, பறப்பதற்குச் சில நாள் முன்னால் வரும் செறிமனி. மேலோட்டமாகப் பார்த்தால் மோதலே இல்லாதது போல இருக்கும். ஆனால் சான்றிதழ் கையில் கிடைக்கும் அந்த நாளிலேயே நீங்கள் பிரித்தானியக் குடிமகன். அதுவரை இருந்த நிரந்தர வதிவிட உரிமை அத்தோடு முடிகிறது. திரும்பி வர ஈவிசாவைக் காட்ட முடியாது. 2026 பிப்ரவரி 25 முதல், பிரித்தானியக் குடியுரிமையோடு இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் வைத்திருப்பவர்கள் விமானம் ஏறும்போது பிரித்தானியக் கடவுச்சீட்டையோ, பிரித்தானியாவில் வாழும் உரிமையை உறுதிப்படுத்தும் சான்றோடு மற்ற நாட்டுக் கடவுச்சீட்டையோ காட்ட வேண்டும். குடியுரிமைச் சான்றிதழை மட்டும் கொண்டுபோய்க் கட்டுநாயக்க விமான நிலையத்தில் நின்றால் ஏற்ற மாட்டார்கள்.

புதுக் கடவுச்சீட்டு ஒரு கிழமையில் கிடைக்காது. வயதுவந்தவரின் முதல் கடவுச்சீட்டுக்கு விரைவுச் சேவை இல்லை. சிலரை நேர்காணலுக்கும் கூப்பிடுவார்கள். விண்ணப்பத்தோடு குடியுரிமைச் சான்றிதழையும் நீங்கள் இந்நாட்டுக்கு வந்த கடவுச்சீட்டையும் அனுப்ப வேண்டியிருப்பதால், அந்த நாட்களில் கையில் எந்தக் கடவுச்சீட்டும் இருக்காது. செறிமனிக்கும் பயணத்துக்கும் இடையில் ஆறு கிழமையாவது இல்லையென்றால், செறிமனியைப் பயணத்துக்குப் பின்னால் தள்ளுவதே பாதுகாப்பு.

ஊர்ப் பக்கத்திலும் நிலைமை மாறுகிறது. இந்தியர் ஒருவர் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். அதன் பிறகு இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்வது குற்றம். விசாவோ ஓசிஐ அட்டையோ வேண்டும். இலங்கையர்களுக்கும், இரட்டைக் குடியுரிமைக்கு முறைப்படி அனுமதி பெறாவிட்டால் இலங்கைக் குடியுரிமை நீங்கிவிடும். செறிமனி நடக்கும் வரை இவை எதுவும் மாறாது. அழைப்பு கையில் இருந்தாலும் பழைய கடவுச்சீட்டோடும் ஈவிசாவோடும் போய் வரலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அழைப்பின் திகதி யூன் 3. அதில் குறித்த கடைசி நாள் செப்டெம்பர் 2. கவுன்சில் தந்த செறிமனி நாள் யூலை 10. யூலை 16இல் கொழும்புக்குப் பறந்து ஓகஸ்ட் 14இல் திரும்ப ரிக்கெற் எடுத்தாயிற்று. யூலை 10க்கும் 16க்கும் இடையில் ஆறே நாள். ஆகவே கேட்கவேண்டியது ஓகஸ்ட் 17க்கும் செப்டெம்பர் 2க்கும் இடைப்பட்ட ஒரு நாள். விமானம் தாமதித்தாலும் சமாளிக்க, திரும்பிய பின் இரண்டு மூன்று நாளாவது விட்டுக் கேளுங்கள். பெரிய கவுன்சில்கள் அடிக்கடி நடத்தும். சிறியவற்றில் மாதம் ஒருமுறைதான் இருக்கலாம். அதனால் எழுத முன்னர் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் அந்த இடைவெளிக்குள் என்னென்ன நாட்கள் உள்ளன என்று பார்த்து, அந்த நாட்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஓகஸ்ட் கடைசியில் ஏதாவது" என்று எழுதினால் பதில் கேள்வி வரும், அதில் ஒரு கிழமை போகும்.

மின்னஞ்சலின் தலைப்பு வரியிலேயே மூன்றும் இருக்கட்டும்: செறிமனி மாற்றக் கோரிக்கை, இப்போதைய திகதி, ஹோம் ஒஃபிஸ் இலக்கம். கடிதத்தை ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டும். மாற்றி எழுத வசதியாகச் சிறிய வாக்கியங்களில் அதன் உள்ளடக்கம்:

"வணக்கம். யூலை 10, காலை 10 மணிக்கு எனக்கும் என் மனைவிக்கும் குடியுரிமைச் செறிமனி பதிவாகியுள்ளது. எங்கள் முழுப் பெயர்கள், பிறந்த திகதிகள், ஹோம் ஒஃபிஸ் இலக்கங்கள், முன்பதிவு இலக்கம் கீழே உள்ளன. அழைப்புக் கடிதத்தின் திகதி யூன் 3; கடைசி நாள் செப்டெம்பர் 2. நாங்கள் யூலை 16 முதல் ஓகஸ்ட் 14 வரை இலங்கையில் இருப்போம். செறிமனிக்கும் பயணத்துக்கும் இடையில் பிரித்தானியக் கடவுச்சீட்டு பெற நேரம் போதாது. அதனால் எங்கள் இருவருக்கும் ஓகஸ்ட் 19 அல்லது 26க்கு மாற்றித் தருமாறு கேட்கிறோம். இரண்டும் கடைசி நாளுக்கு முன்னரே வருகின்றன. பயணச்சீட்டின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. புதிய திகதியை எழுத்தில் உறுதிப்படுத்தும் வரை தற்போதைய பதிவை நீக்க வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். புது நாள் கிடைக்காத நிலையில் பழைய பதிவும் போனால், கடைசி நாளுக்குள் இடமே இல்லாமல் போகலாம். "கடைசி நாளுக்கு முன்னர்" என்ற வரியும் முக்கியம். மூன்று மாதத்துக்குள் அடங்கும் மாற்றத்தைக் கவுன்சிலே செய்துவிடும். அதைத் தாண்டினால் அவர்களுக்கு அதிகாரம் இல்லை, ஹோம் ஒஃபிஸின் சம்மதம் வேண்டும். அது சிறப்பான காரணங்களுக்கே கிடைக்கும். விடுமுறைப் பயணம் அங்கே எடுபடும் என்று நம்பி இருக்க வேண்டாம். நீட்டிப்புக் கிடைக்காவிட்டால் திரும்ப விண்ணப்பித்துத் திரும்பக் கட்டணம் கட்ட நேரும். உங்கள் பயணம் கடைசி நாளையே தாண்டுமென்றால், மாற்றவேண்டியது விமானச்சீட்டைத்தான்.

பெயரை அழைப்பில் உள்ள அதே வரிசையில் எழுதுங்கள். நம்மவர்களில் தந்தை பெயர் ஓரிடத்தில் முன்னும் இன்னோரிடத்தில் பின்னும் நிற்கும்; பதிவு அலுவலர் குடும்பப் பெயரை வைத்துத் தேடும்போது ஆள் அகப்பட மாட்டார். கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனி இலக்கம் உண்டு. ஒன்றை மட்டும் எழுதினால் ஒருவரின் நாள் மட்டும் மாறும்.

அனுப்பியதும் வரும் தானியங்கிப் பதிலை உறுதிப்பாடாக எடுக்காதீர்கள். ஐந்து வேலை நாளுக்குள் ஆள் எழுதிய பதில் வராவிட்டால் பதிவு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, மின்னஞ்சல் அனுப்பிய நாளைச் சொல்லிக் கேளுங்கள். சில கவுன்சில்கள் மாற்றத்துக்குக் கட்டணம் கேட்கும். சிலவற்றில் முன்பதிவுப் பக்கத்திலேயே நீங்களாக மாற்றலாம். குழுச் செறிமனியில் இடமே இல்லையென்றால் தனிச் செறிமனி உண்டா என்று கேளுங்கள், அதற்கு மேலதிகமாகக் கட்ட வேண்டும். புதிய திகதி எழுத்தில் வந்ததும் அதை அழைப்புக் கடிதத்தோடு சேர்த்து அச்சிட்டு வையுங்கள். செறிமனி நாளில் வாசலில் அழைப்பையும் படம் உள்ள அடையாள அட்டையையும் கேட்பார்கள்.