அலை ஏழாம் பக்கத்தில் இருந்தது

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டதை 16 பக்கக் காமிக்ஸாக எழுதினேன். 7-ஆம் பக்கம் முழுக்க ஒரே கட்டம்: பெட்டிகளுக்கு மேல் எழும் அலை. மாதிரிப் பிரதியை ராமேஸ்வரத்தில் அக்கா மகனிடம் கொடுத்தேன். 5-ஆம் பக்கத்தைப் புரட்டியதுமே, "மாமா, அலை வந்துருச்சு!" என்றான். 6-ஐப் படிக்கவே இல்லை.

ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம் வரும். புத்தகத்தை விரித்தால் 6-ம் 7-ம் ஒன்றாகத் தெரியும். அதிர்ச்சி இரட்டைப்படைப் பக்கத்தில் இருந்தால்தான் தாள் அதை மறைக்கும். திரையில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்த எனக்கு இது உறைக்கவில்லை.

அலையை 8-க்குத் தள்ளினேன். 6-இல் திணித்திருந்த ஏழு கட்டங்களில் நான்கை மட்டும் அங்கே விட்டு, மூன்றை 7-க்குக் கொண்டுபோனேன். கட்டம் குறைந்ததும் இருட்டில் ரயில் நிற்கும் நேரம் நீண்டது. 7-இன் கடைசிக் கட்டத்தில் ஜன்னலோரச் சிறுமி எதையோ பார்க்கிறாள். எதை என்று காட்டவில்லை.

சரி, ஒரு பக்கம் கூடியதே? அப்படியே விட்டால் 12-இல் இருந்த விடியற்காலைக் காட்சி 13-க்குப் போய்க் கெட்டுவிடும். அலைக்குப் பின் வந்த இரண்டு பேச்சுப் பக்கங்களை ஒன்றாக்கினேன். வசனம்தான் பாதி போனது. பெரிய நஷ்டமில்லை.

மறுபிரதியை அவன் தோழனிடம் கொடுத்தேன். 7-இல் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் புரட்டினான்.